90 நாள் பூட்டிய வீடு

தெருவில் நடந்து போகும் ஒருவருக்கு ஒரு வீட்டில் ஆள் இல்லை என்பது பூட்டைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் அதை முதலில் சொல்வது வாசல். பக்கத்து வீடுகளில் எல்லாம் காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்க, ஒரு வாசல் மட்டும் இரண்டு நாளாகக் காய்ந்து, மாவுத் தடமே இல்லாமல் கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம். அதற்கு அடுத்தது பகலிலும் எரியும் வெளி விளக்கு. கேட்டில் தொங்கும் பால் பை, கிரில் கம்பிக்குள் செருகிய நாளிதழ், மடித்துச் செருகிய துண்டு விளம்பரங்கள், கேட்டுக்கு உள்ளே சேர்ந்த சருகு ஆகியவை மீதிக் கதையைச் சொல்லிவிடும். நீண்ட பயணத்துக்கு முன் வீட்டைத் தயார் செய்வது என்றால் பெரும்பாலோர் நல்ல பூட்டு வாங்குவதையே நினைக்கிறார்கள். பூட்டு தேவைதான். ஆனால் அது திருடன் வந்த பிறகு வேலை செய்கிறது. வாசலில் தெரியும் அடையாளங்கள், அவன் எந்த வீட்டுக்கு வருவது என்று முடிவு செய்யும்போதே வேலை செய்கின்றன. ஆகவே தயாரிப்பில் பாதிக்கு மேல் தெருவிலிருந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்பது எளிது. சென்னையின் புறநகரில் ஒரு தனி வீடு. ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் குடியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு அக்டோபர் 5-ஆம் தேதி கிளம்பி ஜனவரி 3-ஆம் தேதி திரும்புவதாகத் திட்டம். மொத்தம் 90 நாள். இந்தக் காலத்துக்குள் வடகிழக்குப் பருவமழை முழுவதும் வருகிறது. கார்த்திகை தீபமும் வருகிறது, மார்கழியின் முதல் பாதியும் வருகிறது. தெருவே விளக்கும் கோலமுமாக இருக்கும் இந்த நாட்களில்தான் இருட்டான வீடும் வெறும் வாசலும் அதிகம் கண்ணில் படும்.

வேலைகள் மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் வேலை பக்கத்து வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. மற்ற எல்லா ஏற்பாடுகளும் அவரைச் சார்ந்தே அமையும். நெருங்கிப் பழகுபவரைத்தான் பலரும் நினைப்பார்கள். ஆனால் இந்த வேலைக்கு நெருக்கத்தைவிட இடம் முக்கியம். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலோ மாடியோ இந்த வீட்டின் கேட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பகல் நேரத்தில் அந்த வீட்டில் யாராவது இருக்க வேண்டும். நான்கு தெரு தள்ளி இருக்கும் உறவினர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் இரவில் கேட்ட சத்தத்துக்கு எட்டிப் பார்க்க முடியாது. அவரை அவசரத்துக்கு அழைக்கும் இரண்டாம் ஆளாக வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டில் எதிர்வீட்டு அம்மாள் அந்தப் பொறுப்பை ஏற்கிறார் என்று கொள்ளலாம். “கொஞ்சம் பாத்துக்கோங்க அக்கா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். எதைப் பார்க்க வேண்டும், எப்போது, எதையாவது பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதனால் அவருக்கும் சங்கடம். எதற்கெல்லாம் கூப்பிடலாம், எதற்குக் கூப்பிட்டால் தொந்தரவு என்று தெரியாமல் தவிப்பார். அதைவிடக் கேட்பதைக் குறைத்து, கேட்பதைத் தெளிவாகச் சொல்வது நல்லது. வாரத்துக்கு இரண்டு முறை கேட்டில் செருகியிருப்பதை எடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறக் கதவு வரை பார்க்க வேண்டும். பெருமழைக்கு மறுநாள் வெளிப்படி வழியாக மொட்டை மாடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று போதும்.

இன்னொன்றை அவரிடம் கட்டாயம் பேசிவிட வேண்டும். கேட்டோ கதவோ திறந்து கிடப்பதைக் கண்டால் அவர் உள்ளே போகவே கூடாது. உள்ளே ஆள் இருக்கலாம்; ஆள் போயிருந்தாலும் கைரேகைகள் இருக்கும். தன் வீட்டுக்குத் திரும்பி 100 அல்லது 112 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். நல்ல மனதோடு உதவ வருபவர் ஆபத்தில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எனவே இதைக் குறிப்பாகச் சொல்லாமல் நேராகவே சொல்லிவிட வேண்டும்.

சாவி கொடுப்பதில் பலர் தயங்குகிறார்கள். வெளி கேட்டின் சாவியைக் கையில் கொடுத்துவிடலாம். வாசல் கதவுச் சாவியும் தேவைப்படும். குழாய் வெடித்து உள்ளே தண்ணீர் ஓடினால் கதவை உடைக்க வேண்டியிருக்கக் கூடாது. அந்தச் சாவியைத் தடித்த கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. வாங்கிக்கொள்பவருக்கும் அது நிம்மதி. பிறகு ஏதாவது காணோம் என்று பேச்சு வந்தால், பிரிக்கப்படாத கவரே அவருக்குச் சாட்சி. பீரோச் சாவி யாரிடமும் போகக் கூடாது. கூடவே ஒரு தாளில் காவல் நிலையத்தின் எண், வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், உள்ளூர் உறவினர் ஆகியோரின் எண்கள், வெளிநாட்டு எண், அங்கு நேர வித்தியாசம் எவ்வளவு என்பது ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பிளம்பருக்குக் கொடுக்கவென்று கொஞ்சம் பணமும் கொடுத்துவைத்தால், அந்த அம்மாள் தன் கைக்காசைப் போட்டுவிட்டுக் கணக்குச் சொல்லக் கூச்சப்பட வேண்டியிருக்காது.

வாசலுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையே இந்த மூன்று மாதமும் தொடர்ந்து வரச் சொல்லி, வாசலை மட்டும் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போடச் சொல்வது பல குடும்பங்களில் இருக்கும் வழக்கம். அவருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு தொடரும். வீட்டுக்காரர் திரும்பி வரும்போது வேலைக்கு ஆள் தேட வேண்டியதும் இல்லை. வீட்டின் உள்சாவி அவரிடம் இருக்கத் தேவையில்லை. நாள்தோறும் முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒருநாள் போதும். பெயின்டில் வரைந்த நிரந்தரக் கோலமும் ஒட்டுக் கோலமும் இதற்கு உதவாது. மேலே தூசி படிந்து, எத்தனை நாளாகப் பெருக்கவில்லை என்பதை அவையே காட்டிக்கொடுக்கும். கார்த்திகை தீபத்தன்று எதிர்வீட்டு அம்மாளே இரண்டு அகல் விளக்கை வாசற்படியில் ஏற்றி, எண்ணெய் தீரும்வரை கண்ணில் வைத்திருந்தால் போதும். தெருவில் அந்த வீடு மட்டும் இருட்டாக நிற்காது.

வெளி விளக்கை எரியவிட்டுப் போவதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. இரவில் அது காவல். காலை பத்து மணி வெயிலில் அதுவே தண்டோரா. வெளிச்சம் குறைந்தால் தானாக எரிந்து, விடிந்தால் தானாக அணையும் சென்சார் பல்பு எலக்ட்ரிக்கல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் மாட்டினால் போதும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டிப் பார்க்க வேண்டும். தெருவிளக்கின் ஒளி நேராக அதன் மேல் விழுந்தால் பல்பு பகல் என்று எண்ணி எரியாமலேயே இருந்துவிடும். அப்போது இடம் மாற்ற வேண்டும்.

அடுத்தது வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் பொருள்களை நிறுத்துவது. பால், நாளிதழ், தண்ணீர் கேன், பூ, மாதாமாதம் தானாக வரும் மருந்து, இணையத்தில் ஆர்டர் செய்த பார்சல் என்று பட்டியல் நினைத்ததைவிட நீளும். ஒரு வாரம் முழுவதும் கேட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று குறித்துவந்தால்தான் முழுமையாகப் பிடிபடும். சென்னையில் ஆவின் மாதாந்திர அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாதத்தின் 16-ஆம் தேதி முதல் அடுத்த 15 வரை ஓடுகிறது. ஆகவே எடுத்துக்காட்டில் அக்டோபர் 5-க்குப் பிறகும் பத்து நாள் பால் பாக்கி இருக்கும். அதை எதிர்வீட்டில் போடச் சொல்லிவிட்டு, அடுத்த அட்டை வாங்காமல் விடுவதே சுலபமான வழி. ஆண்டுச் சந்தா கட்டிய நாளிதழையும் அதேபோலப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிடலாம்.

நிறுத்தச் சொல்லும் விதத்தில்தான் கவனம் வேண்டும். காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்றுகொண்டு, “மூணு மாசம் அமெரிக்கா போறோம்பா, பால் வேண்டாம்” என்று உரக்கச் சொன்னால் பால் போடும் பையன் மட்டும் அதைக் கேட்பதில்லை. பால் முகவரிடமும் நாளிதழ் முகவரிடமும் நேரில் அல்லது போனில், “நான் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள்” என்று மட்டும் சொன்னால் போதும். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்பது அவர்கள் கணக்குக்குத் தேவையில்லை. எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்லாமல் வாரத்தில் பரப்பிச் சொல்வதும் நல்லது.

முகவரிடம் சொன்னது பால் போடும் பையனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரே வழி, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துவது. அந்த இரண்டு காலையும் கேட்டில் பை வந்து தொங்கினால் மறுபடி சொல்ல அவகாசம் இருக்கிறது. அந்த இரண்டு நாளுக்குக் கடையில் போய்ப் பால் வாங்கிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் கிளம்புபவர்களின் கேட்டில்தான் வெயிலில் புளித்த பால் பாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கும்.

முகவரியிட்டு வரும் தபால் தனி விஷயம். கேட்டில் செருகும் கடிதங்களை எதிர்வீட்டுக்காரர் எடுத்துவிடுவார். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபாலை அஞ்சலகம் சில நாள் வைத்திருந்து, ஆள் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். வங்கி அட்டை, ஓய்வூதியம் சம்பந்தமான கடிதம் ஏதாவது வர இருந்தால், பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில் எழுதிக்கொடுத்து உள்ளூர் உறவினரின் முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும்.

நகைக்கும் ஆவணங்களுக்கும் வங்கி லாக்கர்தான் பெரும்பாலோரின் வழி. அதன் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி கொண்டுவந்த திருத்திய லாக்கர் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் இழப்பீடு 3 லட்சம். பத்துப் பவுன் நகையின் இன்றைய விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் இழப்புக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாத வரை, அதுவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. எனவே வைப்பதற்கு முன் ஒவ்வொரு நகையையும் படம் பிடித்து, எடையைக் குறித்து, ரசீதுகளின் நகலையும் சேர்த்துப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். இத்தனை வரம்பு இருந்தாலும், ஆளில்லாத வீட்டின் பீரோவைவிட லாக்கர் பல மடங்கு பாதுகாப்பானது.

லாக்கர் இல்லாதவர்கள் நிறைய. பல கிளைகளில் காத்திருப்போர் பட்டியலே நீளம். அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் நெடுநாளாகக் கையாளும் ஒரு வழி உண்டு: நகையை வங்கியில் அடகு வைத்துச் சிறிய தொகையைக் கடனாக வாங்கிக்கொள்வது. மதிப்பீட்டாளர் நகையை எடைபோட்டு ஒவ்வொன்றையும் எழுதி ரசீது கொடுப்பார். நகை வங்கியின் பெட்டகத்துக்குப் போய்விடும். 5,000 ரூபாய் மட்டும் வாங்கி, வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 90 நாளைக்கு வட்டி 111 ரூபாய்தான்; அதோடு மதிப்பீட்டுக் கட்டணம் சேரும். லாக்கரில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. என்னென்ன நகை, எவ்வளவு எடை என்பதை வங்கியே ஏற்று எழுதிக் கொடுத்திருக்கிறது. கடனின் தவணை முடியும் தேதி திரும்பி வரும் தேதிக்குப் பல மாதம் பிந்தி இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்பதற்கு அடகு வைத்தவரே நேரில் வர வேண்டியிருக்கும் என்பதால், பயணம் நீண்டுபோனாலும் சிக்கல் வராத கால அளவு வேண்டும்.

வெள்ளிச் சாமான்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூஜை அறையில் இருக்கும் வெள்ளிக் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், குங்குமச் சிமிழ் ஆகியவை வீட்டுக்குள் நுழைந்தவுடன் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பவை. அவற்றையும் லாக்கருக்கு அனுப்ப வேண்டும். பழைய செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போடக் கூடாது. ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். நன்றாகக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டால் மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருக்கும்.

வீட்டுக்குள் ஒளித்துவைப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. அரிசிப் பானை, பருப்பு டப்பா, பூஜை அலமாரி, பரண், மெத்தையடி, பட்டுப் புடவை மடிப்பு ஆகிய இடங்களில்தான் எல்லோரும் ஒளித்துவைக்கிறார்கள். ஆகவே தேடுபவரும் அங்கிருந்தே தொடங்குவார். பீரோச் சாவியைப் பீரோ மேலேயே வைப்பதும் அந்த வகைதான். நகை எதுவும் வீட்டில் இல்லை என்றால் பீரோவைப் பூட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும். பூட்டாமல் விடுவதே மேல். பூட்டிய பீரோவைக் கடப்பாரையால் நெம்பினால் பீரோவும் போய்விடும். பத்திரங்களும் பாஸ்போர்ட் நகலும் லாக்கருக்குப் போயிருக்க வேண்டும்.

கடப்பாரை என்றதும் கொல்லைப்புறத்தைப் பார்க்க வேண்டும். தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் கடப்பாரை, மண்வெட்டி, சுவரில் சாய்த்த ஏணி ஆகியவை வெளியே கிடந்தால் வருபவர் கருவி கொண்டுவர வேண்டியதே இல்லை. அவற்றை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். வாசல் கதவு தேக்கிலும் நல்ல பூட்டோடும் இருக்க, கொல்லைக் கதவு மெல்லிய பலகையிலும் ஒரே தாழ்ப்பாளோடும் இருப்பது நம் வீடுகளில் சகஜம். மேலும் கீழும் உள்ள தாழ்ப்பாளைப் போட்டு, குறுக்கே ஓர் இரும்புப் பட்டையும் வைத்தால் அது வாசலுக்குச் சமமாகிவிடும். மொட்டை மாடிப் படிக்கட்டின் உச்சியில் இருக்கும் கதவையும் உள்ளே இருந்து தாழ்போட வேண்டும். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டி வருபவருக்கு அதுதான் வாசல். முன்பக்க கேட்டின் பூட்டை வெளிப்பக்கம் தொங்கவிடாமல், கையைக் கம்பிக்கு இடையே விட்டு உள்பக்கம் மாட்டுவது நல்லது. ஆள் இருக்கும் வீடுகளிலும் அப்படிப் பூட்டுவது வழக்கம் என்பதால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். முகவரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும், தொடர்புக்குப் பக்கத்து வீட்டு எண், கேமரா இருக்கிறதா என்பது ஆகியவை போதும். பூட்டிய வீடு என்று தெரிந்தால் இரவு ரோந்துக் காவலர் அந்தத் தெரு வழியாக வரும்போது பார்த்துப் போவார். சில வீடுகளில் பட்டா புத்தகம் வைத்து, வந்துபோனதற்குக் கையெழுத்திடும் வழக்கமும் உண்டு. இதைச் சிலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். கையில் கொடுத்த கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவைப்பது, பிறகு ஏதாவது நடந்தால் வீடு எந்த நாள் முதல் பூட்டியிருந்தது என்பதற்கு ஆதாரமாகவும் உதவும். வீட்டுப் பொருள்களுக்குத் திருட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டிய நேரமும் இதுதான். தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கும். முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்கினால்தான் பிறகு பணம் கேட்க முடியும்.

மின்சாரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். மெயினை அணைத்தால் கேமராவும் சென்சார் பல்பும் சேர்ந்தே அணைந்துவிடும். பிரேக்கர் பெட்டியைத் திறந்து, எது எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துச் சின்னத் தாளில் எழுதி ஒட்டினால் வேலை சுலபமாகிவிடும். வெளி விளக்குக்கும் கேமராவுக்கும் போகும் பிரேக்கர் மட்டும் இருக்கட்டும். சமையலறை, ஏசி, கீசர், தண்ணீர் மோட்டார் எல்லாம் அணையட்டும். குளிர்சாதனப் பெட்டியைக் காலிசெய்து, பனி உருகியபின் துடைத்து, பின்னால் உள்ள தட்டில் தேங்கும் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கதவுக்கு இடையே மடித்த துணியைச் செருகித் திறந்தபடி விட வேண்டும். மூடிவைத்தால் திரும்பி வரும்போது உள்ளே பூஞ்சணம் படர்ந்திருக்கும்.

மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடப்பதால் 90 நாளில் ஒரு கட்டணமாவது கண்டிப்பாக வரும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும்போது ஓடிபி வராமல் பணம் கட்டுவது தடைப்படலாம். அதனால் வழக்கமான ஒரு பில் தொகையை மின்வாரியத்தில் முன்பணமாகக் கட்டிவிட்டால் பில் வரும்போது அதிலிருந்து கழிந்துவிடும். மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருந்தால் கணக்கெடுக்க வருபவருக்கு எதிர்வீட்டு அம்மாள் கேட்டைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய பயன்பாட்டை வைத்துத் தொகை போடுவார்கள்.

தண்ணீர்தான் ஆளில்லாத வீட்டில் அதிகச் சேதம் செய்வது. தானாக ஓடும் மோட்டாரை எண்ணிப் பார்க்கலாம். ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டால் மேல்தொட்டி காலியாகும். மட்டம் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடி நிரப்பும். மறுபடி கசியும், மறுபடி ஓடும். கடைசியில் சம்ப் வறண்டு, தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் எரிந்துபோகும். அதுவரை வந்த தண்ணீர் எல்லாம் தரையில் நிற்கும். மேல்தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வை மூடிவிட்டு, மோட்டார் பிரேக்கரை அணைத்துவிட்டால் இதில் எதுவும் நடக்காது. பழைய வால்வு இறுகிப்போய் முழுவதும் மூடாமல் இருக்கலாம். மூடியபின் கீழே ஒரு குழாயைத் திறந்துவைத்து, கால் மணி நேரத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியைக் காலியாக விட்டுப் போகலாமா என்றால், புயல் வரும் மாதங்களில் கூடாது. வெறும் தொட்டியைக் காற்று புரட்டிவிடும். நிரப்பி, மூடியை இறுக்கிக் கட்டிவிட்டு, திரும்பி வந்தபின் அந்தத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட வேண்டும்.

கொசுவுக்கும் இந்த மூன்று மாதம் நல்ல காலம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசுவாகிவிடும். தண்ணீர் காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, மாடியில் கிடக்கும் பழைய டயர் ஆகியவற்றைக் கவிழ்த்தோ உள்ளே வைத்தோ விட வேண்டும். சம்ப்பின் மூடி விளிம்பில் இடைவெளி இருந்தால் கொசுவலைத் துணியைப் போட்டு அதன்மேல் மூட வேண்டும். கழிவறைக் கோப்பையில் நிற்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். அதன் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப்பால் ஒட்டிவிடலாம்.

குளியலறைத் தரையில் உள்ள சாக்கடை ஜாலியில் இதற்கு நேர்மாறான சிக்கல். அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிறது. சில வாரத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிட்டால் வழி திறந்துவிடும். கடைசி நாள் குளித்து முடித்தபின் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு தண்ணீரும், அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்ற வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து மூடிக்கொள்வதால் தண்ணீர் எளிதில் வற்றாது. மொட்டை மாடியில் மழைநீர் போகும் ஓட்டைகளில் சருகை எடுத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி இறங்குகிறதா என்று பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. அடைத்துக்கொண்டால் மாடி முழுவதும் குளமாகித் தண்ணீர் கூரைக்குள் இறங்கும்.

கடைசி நாள் காலையில் மிஞ்சும் வேலைகள் சில. சமையல் எரிவாயு சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுவதோடு நிறுத்தாமல், அதைக் கழற்றி எடுத்துவிட்டு வால்வின் மேல் பிளாஸ்டிக் மூடியை இறுக்க வேண்டும். ரப்பர் குழாயை எலி கடித்தாலும் அப்போது வாயு கசியாது. பூஜை விளக்கு முழுவதும் குளிர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். குப்பைக் கூடை காலியாக வேண்டும். வாடகை வண்டி வந்து நிற்கும்போது வாசலில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, தெரு முழுவதும் விடைபெறுவது நம் வழக்கம். இந்த ஒரு முறை பெட்டிகளைக் கேட்டுக்கு உள்ளேயே வைத்திருந்து, வண்டி வந்ததும் ஏற்றிவிடலாம். விமான நிலையத்தில் எடுத்த படத்தை அன்றே பொதுவில் போடுவதையும் திரும்பி வரும்வரை தள்ளிவைக்க வேண்டும்.

ஜனவரி 3-ஆம் தேதி வந்து இறங்கியதும் முதலில் வீட்டைச் சுற்றி வந்து கதவும் ஜன்னலும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்தபின் உள்ளே போக வேண்டும். ஜன்னல்களைத் திறந்து காற்றோடவிட்ட பிறகே சிலிண்டரை இணைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்பி, குழாய்களைச் சில நிமிடம் ஓடவிட்டபின் சமையலுக்குப் பிடிக்கலாம். எதிர்வீட்டு அம்மாளிடமிருந்து சாவிக் கவரையும் சேர்ந்த தபாலையும் வாங்கிக்கொண்டு, அவர் கைக்காசு செலவழித்திருந்தால் அன்றே கொடுத்துவிட வேண்டும். காவல் நிலையத்தில் வந்துவிட்டதாகச் சொல்லி, பூட்டிய வீடுகளின் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னபின் பால் முகவரையும் நாளிதழ் முகவரையும் கூப்பிடலாம்.